பேங்க் கேரண்டி: கையெழுத்துப் போடும் முன்னும், பணம் போன பின்னும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் மேஸ்திரியாகத் தொடங்கி ஒப்பந்தக்காரராக ஆனவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான். வீடு, மதில், மாட்டுக்கொட்டகை என்று கட்டிக்கொண்டிருக்கும் வரை நம்மிடம் யாரும் கேரண்டி கேட்பதில்லை. கஞ்சிக்கோடு பக்கம் ஒரு ஃபேக்டரிக்குள் வேலை எடுக்கப் போகும்போதோ, முதல் அரசு டெண்டர் கிடைக்கும்போதோதான் "பத்து சதவீதத்துக்கு பி.ஜி. கொடுத்துடுங்க" என்ற பேச்சு வரும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். நானும் 2021-இல் தலையாட்டினேன். 2023 பிப்ரவரியில் அந்த பி.ஜி.யிலிருந்து, அதாவது பேங்க் கேரண்டியிலிருந்து, ஆறு லட்சம் ரூபாய் போனது. அந்த ஒரு கேரண்டியை முதலிலிருந்து கடைசி வரை இங்கே எழுதுகிறேன். புதிதாக வருபவர்கள் எந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது அதிலேயே தெரியும்.

முதலில் இது என்ன என்று தெளிவாக வைத்துக்கொள்வோம். வேலை கொடுப்பவருக்கு உங்கள் வங்கி எழுதிக்கொடுக்கும் வாக்கு இது. "இவர் வேலையை ஒழுங்காக முடிக்கவில்லை என்று நீங்கள் எழுதிக் கேட்டால், இத்தனை ரூபாய் வரை நாங்கள் கொடுக்கிறோம்" என்பதுதான் அதன் சாரம். அந்த வாக்கை வங்கி உங்களுக்காகக் கொடுக்கிறது. ஆனால் உங்களைக் கேட்டுவிட்டுக் கொடுப்பதாக அதில் எங்கும் இருக்காது. டெண்டர் போடும்போது கேட்கும் முன்வைப்புத் தொகைக்கான கேரண்டி, வேலை தொடங்கக் கொடுக்கும் மொபிலைசேஷன் அட்வான்ஸுக்கான கேரண்டி, வேலை முடிக்கும் பெர்ஃபார்மன்ஸ் கேரண்டி என்று பல வகை உண்டு. நான் கொடுத்தது பெர்ஃபார்மன்ஸ் கேரண்டி. சின்ன ஒப்பந்தக்காரரைக் கடிக்கிறதும் பெரும்பாலும் அதுதான், ஏனென்றால் அதற்குத்தான் ஆயுள் அதிகம்.

## விலை சொல்லும் முன் படிக்க வேண்டியது

என் வேலை ஒரு தொழிற்சாலைக்குள் மதிலும் மழைநீர் வடிகாலும் கட்டுவது. மெயின் கான்ட்ராக்டர் கொடுத்த ஒர்க் ஆர்டர் 60 லட்சம். எட்டு மாதத்தில் வேலை முடிய வேண்டும், முடிந்த பின் 12 மாதம் பழுது பார்க்கும் பொறுப்பு என்னுடையது. மொத்தக் காலத்துக்கும் 10 சதவீதம், அதாவது ஆறு லட்சத்துக்கு பி.ஜி.

ஒர்க் ஆர்டரின் பின்னால் பி.ஜி. எப்படி எழுதப்பட வேண்டும் என்ற மாதிரிப் படிவம் இணைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். அதை யாரும் படிப்பதில்லை. விலை சொல்லும் முன் அதைப் படியுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் படித்துச் சொல்ல ஒருவரைப் பிடியுங்கள். முதலில் பார்க்க வேண்டியது கடைசிப் பத்தி. "மேலே என்ன சொல்லியிருந்தாலும்" என்று தொடங்கும் பத்தி அது. வங்கியின் பொறுப்பு எத்தனை ரூபாயைத் தாண்டாது, கேரண்டி எந்தத் தேதி வரை செல்லும், எந்தத் தேதிக்குள் எழுத்தில் கேட்டால் மட்டும் பணம் கொடுக்கப்படும் என்று மூன்றே வரி. மேலே இருக்கும் இரண்டு பக்கமும் இந்த மூன்று வரிக்குள் அடங்கிப் போகிறது.

இதில் செல்லுபடியாகும் தேதியும் கேட்கும் தேதியும் வேறு வேறு என்பதைக் கவனியுங்கள். என் கேரண்டி 2023 ஜனவரி 31 வரை செல்லும். அந்தத் தேதிக்குள் நடந்த தவறுக்காக, அதற்குப் பின் மூன்று மாதம், ஏப்ரல் 30 வரை, அவர்கள் பணம் கேட்கலாம். இந்த மூன்று மாதத்தை வங்கியில் க்ளெயிம் பீரியட் என்பார்கள். இதை நான் அப்போது ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. பின்னால் வருத்தப்பட வைத்தது இதுதான்.

அடுத்தது, பணத்தை எந்த நிபந்தனையில் கேட்கலாம் என்ற வரி. "கேட்ட மாத்திரத்தில், எந்த ஆட்சேபமும் இல்லாமல்" என்று இருந்தால் வங்கி எதையும் விசாரிக்காது. வேலை நன்றாக நடந்ததா, தாமதம் யாரால் என்பதெல்லாம் அதற்குச் சம்பந்தமில்லாத விஷயம். அரசு டெண்டரில் இந்த வார்த்தையை மாற்றச் சொல்லி வாதாட முடியாது. ஆனால் தனியார் மெயின் கான்ட்ராக்டரிடம் கேட்கலாம், அதுவும் ஒர்க் ஆர்டரில் கையெழுத்துப் போடும் முன். இப்போதெல்லாம் நான் மூன்று விஷயம் கேட்கிறேன். பணம் கேட்கும் கடிதத்தில் கையெழுத்திடும் பதவி எது என்று கேரண்டியிலேயே எழுத வேண்டும். வங்கிக்கு எழுதும் முன் எனக்கு ஏழு நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் போட வேண்டும். வேலை முடிந்த சான்றிதழ் கொடுத்ததும் பத்து சதவீதத்தை ஐந்தாகக் குறைக்க வேண்டும். மூன்றுக்கும் ஒப்புக்கொண்டவர் இதுவரை ஒருவர்தான். ஆனால் மூன்றாவதற்குப் பலர் ஒப்புக்கொள்கிறார்கள், அதில்தான் நமக்கு நேரடியாகக் காசு மிச்சமாகிறது.

## எந்த வங்கி, எந்த ஊர்

நம் பக்கத்துச் சிக்கல் இங்கேதான் வரும். பலருக்கும் கணக்கு ஊரில் இருக்கும் சர்வீஸ் கூட்டுறவு வங்கியில் இருக்கும். அதன் கேரண்டியை வெளி கம்பெனிகளும் துறைகளும் பொதுவாக ஏற்பதில்லை. வணிக வங்கியுடையதுதான் வேண்டும் என்பார்கள். எனக்கு நடப்புக் கணக்கும் பத்து லட்சம் கேஷ் கிரெடிட்டும் பொள்ளாச்சியில் ஒரு வங்கியில் இருந்தன. வேலை கேரளத்தில், வங்கி தமிழ்நாட்டில். இதனால் இரண்டு கேள்வி வரும்.

ஒன்று முத்திரைத்தாள். கேரண்டிக்கான முத்திரைத் தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பொள்ளாச்சியில் எழுதிய கேரண்டியைப் பாலக்காட்டில் கொடுக்கும்போது, எந்த மாநிலத்துக் கணக்கில் எவ்வளவு மதிப்பு வேண்டும் என்று வாங்குகிறவரிடமே எழுத்தில் கேட்டு, அதை வங்கியிடம் கொடுத்துவிடுங்கள். நகரி, சத்தியவேடு பக்கம் இருந்துகொண்டு ஆந்திர வேலைக்குச் சென்னை வங்கியில் கேரண்டி எடுப்பவர்களுக்கும் இதே பாடுதான். என்னுடையதை முதல் முறை முத்திரைத்தாளுக்காகவே திருப்பி அனுப்பினார்கள். பத்து நாள் போனது.

இரண்டு, பணம் கேட்கும் இடம். சில படிவங்களில் "பாலக்காட்டுக் கிளையில் கேட்டாலும் கொடுக்க வேண்டும்" என்று எழுதியிருப்பார்கள். உங்கள் வங்கிக்கு அங்கே கிளை இருக்கிறதா, அந்த வரிக்குத் தலைமை அலுவலகம் ஒப்புக்கொள்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வங்கிக்குப் போகும்போது ஒர்க் ஆர்டர், பி.ஜி. படிவம், இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும், ஜிஎஸ்டி தாக்கல் விவரம், ஈடு வைப்பதாக இருந்தால் சொத்துப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் வேண்டும். முழுத் தொகையையும் ஃபிக்சட் டெபாசிட்டாகப் போட்டால் இரண்டு மூன்று நாளில் கிடைத்துவிடும். சொத்தின் பேரில் லிமிட், அதாவது இத்தனை ரூபாய் வரை கேரண்டி கொடுக்கலாம் என்ற அனுமதி, வாங்குவது என்றால் வாரங்கள் ஆகும். ஒர்க் ஆர்டர் கிடைத்த 15 நாளுக்குள் பி.ஜி. கொடு என்று இருந்தால், லிமிட்டுக்கான வேலையை டெண்டர் போடும்போதே தொடங்கியிருக்க வேண்டும்.

அங்கே உங்களிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள், கவுண்டர் கேரண்டி என்று. "யாராவது கேட்டு வங்கி பணம் கொடுத்தால் அதை நான் வட்டியோடு திருப்பித் தருவேன், கொடுத்தது சரியா தவறா என்று கேட்க மாட்டேன்" என்பது அதன் பொருள். பெரும்பாலும் மனைவியையும் அதில் ஜாமீனாகச் சேர்ப்பார்கள். உண்மையான கடன் பத்திரம் இதுதான். இதில் கையெழுத்திட்ட அன்றே ஆறு லட்சம் கடன் வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பணம் மட்டும் இன்னும் வெளியே போகவில்லை.

## செலவுக் கணக்கு

வங்கி சொன்ன விவரம் இது. கமிஷன் வருடத்துக்கு 2 சதவீதம், மூன்று மாதக் கணக்கில். மூன்று மாதத்தில் ஒரு பகுதி வந்தாலும் முழு மூன்று மாதமாகக் கணக்கு. மார்ஜின் 25 சதவீதம் ஃபிக்சட் டெபாசிட்டில், மீதிக்கு வீட்டுப் பத்திரம். வங்கிக்கு வங்கி, ஆளுக்கு ஆள் இது மாறும். கணக்குப் போடும் முறை மட்டும் மாறாது.

கேரண்டி 2021 ஜூன் 1 முதல். கமிஷன் செல்லுபடியாகும் தேதி வரை மட்டும் இல்லை, க்ளெயிம் பீரியட் முடியும் வரை போடுவார்கள். ஏப்ரல் 2023 கடைசி வரை 23 மாதம். மூன்று மூன்றாகக் கணக்கிட்டால் எட்டு, அதாவது இரண்டு முழு வருடம். ஆறு லட்சத்துக்கு இரண்டு வருடம் 24,000 ரூபாய். அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 4,320. ஆக 28,320 ரூபாயை முதல் நாளே எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் ரெகுலர் ஜிஎஸ்டியில் இருந்தால் அந்த 4,320-ஐ உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். ஆடிட்டரிடம் வங்கியின் பில்லைக் கொடுக்க மறக்காதீர்கள்.

மார்ஜின் ஒன்றரை லட்சத்துக்கும் செலவு உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. டெபாசிட்டுக்கு 5.5 சதவீதம் வட்டி வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த ஒன்றரை லட்சம் கையில் இருந்திருந்தால் கேஷ் கிரெடிட்டில் 10 சதவீத வட்டிக்கு அவ்வளவு எடுக்க வேண்டியிருந்திருக்காது. வித்தியாசம் 4.5 சதவீதம். ஒன்றரை லட்சத்துக்கு வருடம் 6,750, இரண்டு வருடத்துக்கு 13,500. ஆக நேரடியாகவும் மறைமுகமாகவும் 41,820 ரூபாய். முத்திரைத்தாள், பிராசஸிங் கட்டணம், வீட்டை ஈடு வைத்த செலவு தனி. வீட்டுப் பத்திரம் வைக்காமல் ஆறு லட்சத்தையும் டெபாசிட்டாகப் போட்டிருந்தால் அந்த மறைமுகச் செலவு மட்டும் 54,000 ஆகியிருக்கும். அப்படி முழுப் பணம் கட்டுபவர்கள் கமிஷனைக் குறைத்துத் தரும்படி தைரியமாகக் கேளுங்கள்; வங்கிக்கு அதில் ஆபத்தே கிடையாது.

60 லட்சம் வேலையில் இது முக்கால் சதவீதத்துக்குப் பக்கம். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் நம் வேலையில் எல்லாம் போக நிற்பது எட்டோ ஒன்பதோ சதவீதம்தான். ரேட் போடும்போது சிமெண்டு, கம்பி, கூலி வரிசையில் இதற்கும் ஒரு வரி எழுதுங்கள். நான் எழுதவில்லை.

க்ளெயிம் பீரியட் 12 மாதம் இருந்தே ஆக வேண்டும் என்று சில வங்கிகள் சொல்லும். ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவில், வங்கி தன் பொறுப்பு முற்றிலும் முடிந்துவிட்டதாகச் சொல்ல வேண்டுமானால் குறைந்தது ஒரு வருடம் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதை வைத்துத்தான் இப்படிக் கேட்கிறார்கள். அந்த ஒரு வருடம் வழக்குப் போடுவதற்கான காலம், வங்கியிடம் பணம் கேட்பதற்கான காலம் வேறு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2021-இல் ஒரு வழக்கில் விளக்கியது. வேலை கொடுத்தவர் மூன்று மாதம் போதும் என்றால், இதைச் சொல்லி மேனேஜரிடம் பேசிப் பாருங்கள். என் கணக்கில் 12 மாதம் என்று போட்டிருந்தால் ஜிஎஸ்டி சேர்த்து இன்னும் 10,620 ரூபாய் போயிருக்கும்.

கேரண்டி தயாரானதும், கொடுக்கும் முன் அங்கேயே உட்கார்ந்து ஒரு எழுத்து விடாமல் சரிபாருங்கள். ஒர்க் ஆர்டர் எண், தேதி, வாங்குகிறவரின் முழுப் பெயர், தொகை எண்ணிலும் எழுத்திலும், கடைசிப் பத்தியின் இரண்டு தேதிகள். வங்கி வைத்திருக்கும் ஒரு வரம்புக்கு மேற்பட்ட கேரண்டியில் இரண்டு அதிகாரிகள் கையெழுத்திடுவது நடைமுறை. தாளோடு சேர்த்து, வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் எஸ்.எஃப்.எம்.எஸ். வழியாக வாங்குகிறவரின் வங்கிக்கு ஓர் உறுதிச் செய்தியும் போக வேண்டும். அதற்கு அவர்களுடைய வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. எண் வேண்டும். அந்தச் செய்தி போகாவிட்டால் தாள் உண்மையானதுதானா என்று கேட்டு பில்லை நிறுத்திவைப்பார்கள்.

## "நீட்டிக் கொடு, இல்லாவிட்டால் பணம் கொடு"

வேலை 2022 ஜனவரியில் முடிந்திருக்க வேண்டும். டிராயிங் தாமதம், இடையில் மழை, எல்லாம் சேர்ந்து ஜூனில்தான் முடிந்தது. அப்போதே எனக்கு ஒரு பொறி தட்டியிருக்க வேண்டும். வேலை ஐந்து மாதம் தள்ளினால் அதற்குப் பின் வரும் 12 மாதப் பழுதுப் பொறுப்பும் ஐந்து மாதம் தள்ளும், 2023 ஜூன் வரை. கேரண்டியோ ஜனவரி 31-இல் முடிகிறது. வேலை தாமதமாகும் ஒவ்வொரு முறையும் கேரண்டியின் தேதியை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

2023 ஜனவரி 9-ஆம் தேதி மெயின் கான்ட்ராக்டர் வங்கிக்கு ஒரு கடிதம் எழுதி எனக்கு நகல் அனுப்பினார். கேரண்டியை ஜூன் 30 வரை நீட்டிக்கவும், ஜனவரி 31-க்குள் நீட்டிக்காவிட்டால் இந்தக் கடிதத்தையே பணம் கேட்கும் கடிதமாக எடுத்துக்கொண்டு ஆறு லட்சத்தையும் செலுத்தவும் என்று நாலு வரி. வழக்கமாக வரும் நோட்டீஸ் என்று நினைத்தேன். எனக்கு அவர்கள் ஏழு லட்சம் பில் பாக்கி வைத்திருந்தார்கள். நமக்கே கொடுக்க வேண்டியவர் நம் கேரண்டியில் கை வைப்பாரா என்ற நம்பிக்கை வேறு. அந்த நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லை. பில் பாக்கி ஒரு கணக்கு, கேரண்டி வேறொரு கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றதை நிறுத்த முடியாது.

27-ஆம் தேதி பொள்ளாச்சியிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். "கான்ட்ராக்டர் சார், லெட்டர் பார்த்தீங்கதானே? நீட்டிக்கணும்னா உங்க லிமிட் உயிரோட இருக்கணுங்க. போன வருஷ பேலன்ஸ் ஷீட் இன்னும் நீங்க கொடுக்கல, ரினியூவல் ஆகாம நிக்குது. நாலு நாள்ல என்னால சாங்ஷன் வாங்க முடியாது. மீதி நாலரை லட்சத்தை டெபாசிட்டாப் போடுங்க, நாளைக்கே அமெண்ட்மெண்ட் போட்டுத் தர்றேன்." என்னிடம் அந்த நாலரை லட்சம் இல்லை. 31-ஆம் தேதி மாலை வரை ஓடினேன், கிடைக்கவில்லை. பிப்ரவரி 1-ஆம் தேதி பணம் போய்விட்டது.

அந்த நான்கு நாளில் நான் செய்திருக்க வேண்டியதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அவர்களுக்குப் பணம் கேட்க ஏப்ரல் 30 வரை நேரம் இருந்தது, அதுதான் க்ளெயிம் பீரியட். "மூன்று வாரத்தில் நீட்டிப்பு வாங்கித் தருகிறேன், ஏப்ரல் வரை உங்கள் உரிமை அப்படியே இருக்கிறது, அதுவரை இந்தக் கடிதத்தை நிறுத்திவைப்பதாக வங்கிக்கு எழுதுங்கள்" என்று நான் நேரில் போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கும் உரிமை இருப்பவரே எழுத்தில் நிறுத்திவைத்தால் வங்கியும் காத்திருக்கும். அவர்களுக்கும் பணத்தைவிட நீட்டிப்புதான் தேவைப்பட்டது. நான் வங்கியையும் உறவினர்களையும் சுற்றினேனே தவிர, கடிதம் எழுதிய ஆளிடம் ஒரு முறைகூட போகவில்லை.

இப்போது கேரண்டி முடிவதற்கு 90 நாள் முன்னால் நான் நாட்காட்டியில் குறித்துக்கொள்கிறேன். அன்று வங்கிக்குப் போய் லிமிட் புதுப்பித்ததா என்று கேட்பேன். 60 நாள் முன்னால் வேலை கொடுத்தவரிடம் நீட்டிப்பு வேண்டுமா என்று நானே எழுத்தில் கேட்பேன். நீட்டிப்புக்கும் புதிதாகக் கமிஷன் உண்டு. வேலை தாமதமானது அவர்களால் என்றால் அந்தக் கமிஷனை அவர்களிடம் கேட்டு அன்றே ஒரு கடிதம் போட்டுவைப்பேன்.

## பணம் கேட்டுவிட்டால்

கடிதம் வங்கிக்குப் போய்ச் சேர்ந்த பின் உங்களுக்கு மணிக்கணக்கில்தான் நேரம். வங்கியிடமிருந்து அந்தக் கடிதத்தின் நகலை வாங்கி, கேரண்டியின் வார்த்தைகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். க்ளெயிம் தேதிக்குள் வந்ததா, கேரண்டியில் சொன்ன கிளைக்கு வந்ததா, சொல்லச் சொன்ன வாசகம் அதில் இருக்கிறதா, கையெழுத்திட்டவர் அதற்கு உரிமை உள்ளவரா என்று பாருங்கள். இதில் ஒன்று பிசகினாலும் உடனே எழுத்தில் வங்கியிடம் சொல்ல வேண்டும். இதற்குப் பெயர் பெற்ற ஒரு வழக்கு உண்டு. ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனிக்கும் பீகார் அரசுக்கும் நடந்தது, 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கேரண்டி தலைமைப் பொறியாளர் பெயரில் இருந்தது; பணம் கேட்டு எழுதியவர் நிர்வாகப் பொறியாளர். அந்தக் கோரிக்கை செல்லாது என்றது நீதிமன்றம். கையெழுத்திடும் பதவியைக் கேரண்டியிலேயே எழுதச் சொல்லி நான் கேட்பது இதனால்தான்.

கடிதம் சரியாக இருந்தால் நீதிமன்றத்தில் தடை வாங்குவது மிகக் கடினம். அப்பட்டமான மோசடி, அல்லது பின்னால் எந்த வகையிலும் ஈடுகட்ட முடியாத அநீதி. இந்த இரண்டுக்கு மட்டும்தான் நீதிமன்றங்கள் தடை கொடுக்கின்றன. வேலை நன்றாகச் செய்தேன், அவர்கள்தான் தாமதம், எனக்கு பில் பாக்கி என்பதெல்லாம் அந்த இரண்டில் சேராது. பாலக்காட்டில் நான் பார்த்த வக்கீல் கேரண்டியைப் படித்துவிட்டு, "இதில் தடை கிடைக்காது, ஃபீஸை வீணாக்காதீர்கள், கணக்குத் தீர்க்கும்போது வாருங்கள்" என்றார். நேர்மையாகச் சொன்னதற்கு இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

வங்கியில் என்ன நடந்தது என்றால், முதலில் டெபாசிட்டை முடித்தார்கள். 20 மாத வட்டியோடு 1,63,750 ரூபாய். மீதி 4,36,250-ஐ என் கேஷ் கிரெடிட் கணக்கில் பற்று வைத்தார்கள். அதில் ஏற்கெனவே 8,40,000 எடுத்திருந்தேன். மொத்தம் 12,76,250 ஆனது. பத்து லட்சம் லிமிட்டுக்கு மேல் 2,76,250. இப்படி லிமிட்டுக்கு மேலேயே தொடர்ந்து 90 நாள் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். கேரண்டியில் போன பணத்தை வங்கி தனிக் கணக்கில் வைத்தாலும் உங்கள் முக்கியக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள். வாராக்கடன் ஆனால் அடுத்த டெண்டருக்குக் கேரண்டி கிடைக்காது, சிபில் கெடும், ஈடு வைத்த வீட்டுக்கு நோட்டீஸ் வரும் வழி திறந்துவிடும். இந்த 90 நாளைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். பணம் கேட்ட ஆளோடு சண்டை போடுவதிலேயே மூன்று மாதம் போய்விடும்.

நான் சண்டையைத் தள்ளிவைத்தேன். "முதல்ல லிமிட்டுக்குள்ள வாங்க, மத்தது அப்புறம்" என்று மேனேஜர் சொன்னார். பாலக்காட்டுச் சித்தூரில் மனைவியின் நகையை அடகு வைத்து, மார்ச் நடுவில் 2,80,000 கட்டினேன். வளையலைக் கழற்றும்போது அவள், "உங்க வேலை கெட்டுப்போச்சா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை, ஒரு தேதி தவறிவிட்டது என்றேன்.

அடுத்தது கணக்குத் தீர்ப்பது. கேரண்டியில் ஆறு லட்சம் வாங்கிவிட்டதால் அந்த ஆறும் அவர்களுக்குச் சொந்தமாகிவிடாது. உண்மையில் ஏற்பட்ட நஷ்டம் போக மீதி திரும்ப வர வேண்டும். அதைக் கேட்கும் இடம் வங்கி இல்லை; ஒர்க் ஆர்டரில் மத்தியஸ்தம் என்று இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் சிவில் நீதிமன்றம். அங்கே போகும் முன் ஆவணம் சேருங்கள். நான் ஜூன் வரை பழுது பார்க்கும் அழைப்புக்கெல்லாம் ஆள் அனுப்பினேன். போன ஒவ்வொரு முறையும் சைட் இன்ஜினியரிடம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினேன். வடிகால் மூடிப் பலகைகளில் விரிசல் விட்ட ஒரு வேலையை மட்டும் அவர்களே வேறு ஆளை வைத்துச் செய்திருந்தார்கள், 1,35,000 ரூபாய்க்கு. அதற்கு பில் காட்டச் சொன்னேன், காட்டினார்கள். ஜூன் முடிந்ததும் வக்கீல் நோட்டீஸில் என் பில் பாக்கியும் கேரண்டித் தொகையும் தனித்தனியாகக் கேட்டோம். மத்தியஸ்தம் வரை போகாமலே, நவம்பரில் கேரண்டிக் கணக்கில் 4,65,000 திரும்பி வந்தது. பத்து மாத வட்டியும் நகை வட்டியும் என் நஷ்டம்.

## பணம் போகாத கேரண்டியையும் மூட வேண்டும்

எல்லாம் நல்லபடியாக முடிந்த வேலையிலும் ஒரு கடைசி வேலை இருக்கிறது. கேரண்டியின் தேதி முடிந்தால் டெபாசிட் தானாக விடுபடும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். மூல கேரண்டித் தாளையும், "எங்களுக்கு இதில் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற கடிதத்தையும் வேலை கொடுத்தவரிடமிருந்து வாங்கி வங்கியில் கொடுத்தால்தான் பல கிளைகள் டெபாசிட்டின் மேல் உள்ள பிடியை விடுகின்றன. அதுவரை உங்கள் லிமிட்டிலும் அந்தத் தொகை பயன்பாட்டில் இருப்பதாகவே காட்டும், அடுத்த வேலைக்குக் கேரண்டி கேட்டால் இடம் இருக்காது. பழுதுப் பொறுப்பு முடிந்த வாரமே போய்த் தாளைக் கேளுங்கள். நாள் போனால் அந்தத் தாள் எந்த ஃபைலில் இருக்கிறது என்று தேடுவதற்கே அலைய வேண்டும். வங்கியில் கொடுக்கும்போது பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ஒரு நகல் வாங்கி, டெபாசிட் விடுவித்த தேதியை அதிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.